பட்டனை அழுத்தினால் என்ன ஆகும்?

தண்ணீர் கேன் கடை வைத்திருக்கும் ஒருவர் ஆப் ஒன்று செய்ய நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை ஏழு மணியிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. யார் எத்தனை கேன் கேட்டார்கள், யார் வீட்டில் காலி கேன் நிற்கிறது, எந்த வீட்டுக்கு மாலையில் போகவேண்டும் என்பதெல்லாம் ஒரு நோட்டிலும் அவர் தலையிலும் இருக்கிறது. ஆப் எழுதித் தர ஒரு டெவலப்பர் கிடைத்துவிட்டார். "என்ன வேணும்ணு சொல்லுங்கண்ணே, பண்ணிடலாம்" என்கிறார் அவர். கடைக்காரரும் சொல்கிறார்: "கேன் ஆர்டர் பண்ற மாதிரி ஒரு ஆப்."

இருவருக்கும் விஷயம் புரிந்ததுபோலத்தான் இருக்கும். ஆனால் கடைக்காரரின் மனதில் ஓடும் படமும் டெவலப்பரின் மனதில் ஓடும் படமும் ஒன்றல்ல. ஒருவர் காலி கேனை நினைத்துக்கொண்டிருக்கிறார். மற்றவர் சாப்பாடு ஆர்டர் செய்யும் ஆப்பை நினைத்துக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டுக்குக் காலிப் பாத்திரம் திருப்பித் தரவேண்டியதில்லை. இந்த வித்தியாசம் பல நாள் வேலைக்குப் பிறகு வெளியே தெரிந்தால் எழுதியதைக் கலைத்து எழுதவேண்டும். தாளிலேயே தெரிந்துவிட்டால் அழிரப்பர் போதும். அதற்காக வரைவதுதான் வயர்ஃப்ரேம்.

வயர்ஃப்ரேம் என்பது ஆப்பின் ஒரு திரையை வெறும் கோடுகளாலும் கட்டங்களாலும் வரைந்து காட்டும் படம். அதிலும் 'லோ ஃபிடெலிட்டி' என்று தொழிலில் சொல்லப்படும் வகை மிகக் கரடுமுரடானது. நிறம் கிடையாது, அழகான எழுத்துரு கிடையாது. படம் வரவேண்டிய இடத்தில் ஒரு கட்டம் போட்டு, குறுக்கே பெருக்கல் குறி போட்டால் போதும். பட்டன் என்றால் ஒரு செவ்வகம். பேனாவும் தாளும் தெரிந்த யாரும் வரையலாம். இதில் திறமை தேவைப்படுவது படத்தில் இல்லை, படத்துக்குப் பக்கத்தில் எழுதும் குறிப்புகளில்தான். தையல்காரரின் அளவு நோட்டைப் பார்த்தால் இது விளங்கும். ரவிக்கையின் படம் நாலு கோடுதான். பக்கத்தில் உள்ள அளவுகளும் 'பின்பக்கம் கொக்கி, கையில் பைப்பிங்' என்ற குறிப்பும்தான் துணியை வெட்டுகின்றன.

படம் ஏன் கரடுமுரடாக இருக்கவேண்டும் என்று கேட்பார்கள். கம்ப்யூட்டரில் நேர்த்தியாக வரைய ஃபிக்மா போன்ற கருவிகள் இருக்கும்போது கையால் கிறுக்குவது எதற்கு? காரணம், பார்ப்பவர் எதைப்பற்றிப் பேசுவார் என்பதைப் படத்தின் தோற்றமே தீர்மானிக்கிறது. நீல நிறப் பட்டனோடு பளபளப்பாக ஒரு திரையைக் காட்டினால், கடைக்காரர் "பச்சையா இருந்தா நல்லா இருக்குமே" என்பார். அந்த நேரத்தில் கேட்கவேண்டிய கேள்வி அதுவல்ல. பென்சில் கட்டத்தைக் காட்டினால் நிறத்தைப்பற்றிப் பேச எதுவும் இருக்காது. "காலி கேன் கணக்கு எங்கே?" என்று கேட்பார். 2008-ல் வெளிவந்த பால்சமிக் என்ற வயர்ஃப்ரேம் மென்பொருள், கம்ப்யூட்டரில் வரைந்தாலும் கோடுகள் கையால் இழுத்தவைபோலத் தெரியும்படி செய்யப்பட்டது இதற்காகத்தான். படம் முடிந்துவிடவில்லை, இன்னும் மாற்றலாம் என்று அந்தக் கோணல் கோடுகளே பார்ப்பவருக்குச் சொல்லிவிடும்.

இப்போது வரைவோம். ஒரு ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, இடதுபக்கம் ஏழு சென்டிமீட்டர் அகலம், பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு செவ்வகம் போடுங்கள். இன்றைய சாதாரண ஆண்ட்ராய்டு போன் திரையின் உண்மையான அளவு கிட்டத்தட்ட அதுதான். வலதுபக்கத்தைக் குறிப்புகளுக்காகக் காலியாக விடுங்கள். செவ்வகத்தைப் பெரிதாக வரைந்தால் வசதியாக இருக்குமே என்று தோன்றும். அந்த ஆசைக்கு இடம்கொடுக்க வேண்டாம். பெரிய கட்டத்தில் எல்லாமே அடங்கும். உண்மையான அளவில் வரைந்தால்தான் அடங்காதது கண்ணில் படும். வரைந்த பட்டனின்மேல் உங்கள் கட்டைவிரலை வைத்தும் பார்க்கலாம். விரல் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து மூடினால் இரண்டும் நெருக்கமாக இருக்கின்றன என்று பொருள். தொடவேண்டிய எதுவும் குறைந்தது ஒன்பது மில்லிமீட்டர் அகல உயரம் இருக்கவேண்டும் என்பது ஆண்ட்ராய்டுக்காகக் கூகுள் சொல்லும் அளவு.

உண்மை அளவில் பார்ப்பதன் பலனைக் காட்டும் பழைய கதை ஒன்று இத்துறையில் உண்டு. 1996-ல் சந்தைக்கு வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கருவியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி தயாராவதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திப்புக்கு நாள் கேட்டால் கட்டையை எடுத்து, அதன்மேல் குறித்துக்கொள்வதுபோலப் பாவனை செய்வார். பையில் அடங்குகிறதா, எத்தனை தட்டலில் வேலை முடியவேண்டும் என்பதையெல்லாம் அந்தக் கட்டையே அவருக்குச் சொன்னது.

கட்டம் தயார். உள்ளே எதையும் போடுவதற்கு முன், இந்தத் திரைக்கு வருபவர் எதற்காக வருகிறார் என்று தாளின் உச்சியில் ஒரே வரியில் எழுதிக்கொள்வது நல்லது. நம் கதையில் அது இப்படி இருக்கும்: 'ஏற்கெனவே வாங்கும் வாடிக்கையாளர், வழக்கம்போல இரண்டு கேன் சொல்லிவிட்டுப் போகவேண்டும்.' இந்த வரி இருந்தால் எது பெரிதாக இருக்கவேண்டும், எது ஒதுங்கி நிற்கவேண்டும் என்பதில் குழப்பம் வராது. கடையின் லோகோ பெரிதாக வேண்டாம். விளம்பரப் படம் வேண்டாம். கேன் எண்ணிக்கை நடுவில், கட்டைவிரல் எட்டும் இடத்தில் இருக்கவேண்டும்.

மேலிருந்து கீழே வருவோம். உச்சியில் முகவரிக்கு ஒரு பட்டை, அதன் ஓரத்தில் 'மாற்று' என்ற சொல். அதற்குக் கீழே 'புதிய கேன்' என்று எழுதி, கழித்தல் குறியும் கூட்டல் குறியும் கொண்ட இரண்டு கட்டங்கள், நடுவில் 2 என்ற எண். அதேபோல அடுத்த வரியில் 'திருப்பித் தரும் காலி கேன்', அங்கும் 2. அதற்கும் கீழே நேரத்துக்காக இரண்டு கட்டங்கள்: காலை 7 முதல் 10, மாலை 4 முதல் 7. பிறகு தொகைக்கு ஒரு வரி. அடியில் திரையின் முழு அகலத்துக்கும் ஒரு பட்டன்: 'ஆர்டர் செய்'. படம் முடிந்தது. பத்து நிமிட வேலை.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது என்பது என் கருத்து. எழுத்து வரும் இடங்களில் நெளிகோடு போடுவது பலரின் பழக்கம். நீண்ட பத்திக்கு அது சரி. பட்டன், தலைப்பு, முகவரி ஆகியவற்றில் உண்மையான சொற்களையே எழுதவேண்டும், அதுவும் தமிழில் வரப்போகிற ஆப் என்றால் தமிழிலேயே எழுதவேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'திருப்பித் தரும் காலி கேன்' என்று எழுதிப் பார்த்தால்தான், பக்கத்தில் கூட்டல் கழித்தல் கட்டங்களுக்கு இடமில்லை என்பது தெரியும். நெளிகோடு அந்தச் சிக்கலை மறைத்துவிடும். பிறகு ஆப் போனில் வந்து நிற்கும்போது 'திருப்பித் தரும் கா...' என்று பாதியில் அறுந்து நிற்கும். இங்கே தலைப்பை 'காலி கேன்' என்று சுருக்கிவிட்டேன். முகவரிக்கும் இதே விதிதான். '5, பாரதி தெரு' என்று எழுதி மனதைத் தேற்றிக்கொள்ளாமல், அடுக்குமாடிக் குடியிருப்பின் பெயர், பிளாக், கதவு எண், தெரு, 'பிள்ளையார் கோயில் பின்புறம்' என்று நம் ஊரில் உண்மையில் இருக்கும் முகவரியை எழுதிப் பார்க்கவேண்டும்.

இனி குறிப்புகள். படத்தில் ஒவ்வொரு பகுதியின் பக்கத்திலும் வேறு நிற மையால் ஒரு சிறு வட்டம் போட்டு எண் கொடுங்கள்: முகவரி 1, புதிய கேன் 2, காலி கேன் 3, நேரம் 4, தொகை 5, பட்டன் 6. வலதுபக்கம் அதே எண்களைப் போட்டு எழுதத் தொடங்குங்கள். அநேகமாக எல்லோரும் முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும்: 'இரண்டு: கேன் எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் பட்டன்கள்.' இது குறிப்பே அல்ல. படத்தைப் பார்த்தாலே தெரிவதை மறுபடி எழுதியிருக்கிறோம், அவ்வளவுதான். டெவலப்பருக்குத் தெரியாததை எழுதவேண்டும். அவருக்குத் தெரியாதவை பெரும்பாலும் மூன்று: தொட்டால் என்ன நடக்கும், எல்லை எங்கே, தகவல் எங்கிருந்து வருகிறது.

இரண்டாம் குறிப்பை அந்தக் கண்ணோடு திருத்தி எழுதினால் இப்படி வரும்: 'குறைந்தது 1, அதிகம் 10. எண் 1-ல் இருக்கும்போது கழித்தல் கட்டம் மங்கலாக இருக்கும், தொட்டால் ஒன்றும் ஆகாது. 10-ல் கூட்டல் மங்கும், கீழே "அதிகம் வேண்டுமானால் கடைக்கு அழைக்கவும்" என்ற வரி தோன்றும், தொட்டால் போன் போகும். திரை திறக்கும்போது இந்த வாடிக்கையாளர் கடைசியாக வாங்கிய எண்ணிக்கை தானாக நிற்கும். முதல்முறை என்றால் 1.' நாலைந்து வரிதான். ஆனால் இவை எழுதப்படாவிட்டால் டெவலப்பர் சும்மா இருக்கமாட்டார், தானே ஒரு முடிவெடுத்துக்கொள்வார். அவர் 99 வரை விட்டுவைத்திருப்பார். கல்யாண மண்டபத்திலிருந்து ஒருவர் 80 கேன் அழுத்திவிட்டு, அரை மணி நேரத்தில் வந்துவிடும் என்று காத்திருப்பார்.

மூன்றாம் குறிப்புதான் இந்தத் திரையின் உயிர். காலி கேன் ஏன் முக்கியம்? ஒவ்வொரு கேனுக்கும் கடைக்காரர் முன்பணம் வாங்கியிருக்கிறார். காலி கேன் திரும்பினால் தண்ணீருக்கு மட்டும் காசு. திரும்பாவிட்டால் புதிய கேனுக்கு முன்பணமும் சேரும். கணக்குக்காக ஒரு கேன் தண்ணீர் 40 ரூபாய், முன்பணம் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பில் விதியை எழுதுவதோடு நிற்காமல், எண் போட்டு ஒரு கணக்கையும் எழுதவேண்டும்: 'புதிய கேன் 3, காலி கேன் 1 என்றால், தண்ணீர் 120, குறையும் 2 கேனுக்கு முன்பணம் 300, மொத்தம் 420 ரூபாய்.' விதியை இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளலாம். எண்ணுக்கு ஒரே விடைதான். டெவலப்பர் தான் எழுதியது சரியா என்று சோதிக்க இந்த 420 போதும்.

இப்படி எண் போட்டுப் பார்க்கும்போது இன்னொன்றும் வெளியே வரும். அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஒருவர் ஊருக்குப் போகிறார், ஒரு கேன் மட்டும் போதும், வீட்டில் மூன்று காலி கேன் இருக்கிறது. புதியது 1, காலி 3. தண்ணீர் 40, திருப்பித் தரவேண்டிய முன்பணம் 300. ஆப் மொத்தத் தொகையாகக் காட்டவேண்டியது என்ன? கழித்தல் 260 ரூபாயா? அந்தப் பணத்தை டெலிவரி செய்யும் பையன் கையில் கொடுத்தனுப்புவதா, அடுத்த ஆர்டரில் கழிப்பதா? இந்தக் கேள்விக்கு டெவலப்பரால் பதில் சொல்லமுடியாது. வரைபவராலும் முடியாது. கடைக்காரர்தான் சொல்லவேண்டும். அவரும் இதுவரை ஆளைப் பார்த்து, வசதியைப் பார்த்து ஏதோ செய்துகொண்டிருந்திருப்பார். ஆப் வந்தால் ஒரு விதி வேண்டும். நம் தாளில் எடுத்த முடிவு: 'காலி கேன் எண்ணிக்கை, புதிய கேன் எண்ணிக்கையைத் தாண்டக்கூடாது. கூடுதலாக இருந்தால் "மீதிக் கேன்களுக்குக் கடைக்கு அழைக்கவும்" என்ற வரி.' இது சிறந்த தீர்வு என்று சொல்லவில்லை. முதல் பதிப்புக்குப் பாதுகாப்பான தீர்வு. பணத்தைத் திருப்பித் தரும் வேலையைத் தெரியாத்தனமாகப் பாதி செய்வதைவிட, அதை வெளியே வைப்பது மேல். வரைபவர் தன் தாளில் விடை தெரியாத இடம் வந்தால் ஊகித்து எழுதாமல், வட்டத்துக்குள் கேள்விக்குறி போட்டு, யாரிடம் கேட்கவேண்டும் என்பதையும் எழுதிவைக்கவேண்டும். கேள்விக்குறி உள்ள தாள் குறையுள்ள தாள் அல்ல. கேள்வியை மறைத்த தாள்தான் ஆபத்து.

நேரத்துக்கான நான்காம் குறிப்பு சிறியது. காலை வண்டி கிளம்பிய பிறகு காலை நேரத்தைத் தொடமுடியக்கூடாது. 'காலை நேரம் 9 மணிக்கு மூடும், பிறகு அந்தக் கட்டம் "நாளை காலை" என்று மாறும். நேரத்தைப் போனின் கடிகாரத்திலிருந்து எடுக்கவேண்டாம், சர்வரிலிருந்து எடுக்கவும்.' கடைசி வரி அவசியம். போன் கடிகாரத்தை யாரும் மாற்றிவைத்திருக்கலாம். இன்னொரு சிறு சிக்கலும் உண்டு. 8:58-க்குத் திரையைத் திறந்தவர், பாலை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு வந்து 9:03-க்குப் பட்டனை அழுத்துகிறார். திரையில் இன்னும் 'காலை' என்றே நிற்கிறது. அப்போது ஆர்டரை மாலைக்கு மாற்றி எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடக்கூடாது, 'காலை நேரம் முடிந்தது, மாலை அனுப்பலாமா?' என்று கேட்கவேண்டும். அதையும் ஒரு வரியாக எழுதிவிடலாம்.

ஆறாவது குறிப்புக்கு, அதாவது 'ஆர்டர் செய்' பட்டனுக்கு, மற்றவற்றைவிட அதிக இடம் ஒதுக்குங்கள். பட்டனை அழுத்தியதும் தகவல் சர்வருக்குப் போய், பதில் திரும்பி வரவேண்டும். சிக்னல் மந்தமான வீட்டில் அதற்குப் பல நொடிகள் ஆகலாம். அந்த நொடிகளில் திரையில் எதுவும் மாறாவிட்டால் மனிதர்கள் செய்வது ஒன்றுதான்: மறுபடி அழுத்துவார்கள். இரண்டு கேன் கேட்டவர் வீட்டில் நாலு கேன் வந்து இறங்கும். அதனால் குறிப்பு இப்படி: 'அழுத்திய உடனே பட்டனின் எழுத்து "அனுப்புகிறோம்..." என்று மாறி, மறுபடி தொடமுடியாதபடி ஆகும். பதில் வந்தால் "ஆர்டர் கிடைத்தது" திரைக்குப் போகும்.'

இதோடு நிறுத்திவிட்டால் இன்னொரு ஓட்டை மிச்சமிருக்கும். தகவல் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்துவிட்டது. வாடிக்கையாளரின் திரை 'போகவில்லை' என்கிறது. அவர் மறுபடி அனுப்புகிறார். கடையில் இரண்டு ஆர்டர். இதைத் தடுக்கும் வழி அனுபவமுள்ள டெவலப்பருக்குத் தெரியும். முதல் அழுத்தலிலேயே ஆர்டருக்கு ஓர் அடையாள எண் கொடுத்து, மறுபடி அனுப்பும்போதும் அதே எண்ணை அனுப்பினால், இது ஏற்கெனவே வந்ததுதான் என்று சர்வர் கண்டுகொள்ளும். அந்த வழியை நாம் எழுதித் தரவேண்டியதில்லை. நமக்கு வேண்டியதை எழுதினால் போதும்: 'இணைப்பு அறுந்து எத்தனை முறை மறுபடி அனுப்பினாலும் கடைக்கு ஒரே ஆர்டர்தான் வரவேண்டும். அனுப்பமுடியாதபோது அவர் தேர்ந்தெடுத்த எதுவும் அழியக்கூடாது. காட்டவேண்டிய வரி: "இணைப்பு இல்லை. ஆர்டர் போய்ச் சேர்ந்ததா என்று உறுதியாகவில்லை. மறுபடி முயலவும்."' காட்டவேண்டிய வரியை நாமே எழுதிக் கொடுப்பது முக்கியம். இல்லையென்றால் 'பிழை 500' என்று ஏதோ ஒன்று வந்து நிற்கும். அதைப் படித்து என்ன செய்வதென்று வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்?

இதுவரை வரைந்தது எல்லாம் நல்லபடியாக நடக்கும் நாளின் திரை. முகவரி இருக்கிறது, விலை வந்துவிட்டது, கடை திறந்திருக்கிறது. இவற்றில் ஒவ்வொன்றும் இல்லாத நாள் உண்டு. புதிதாக வருபவருக்கு முகவரியே இருக்காது. விலை இன்னும் சர்வரிலிருந்து வந்துகொண்டிருக்கலாம். பொங்கலன்று கடை விடுமுறை. இவற்றுக்காக முழுத் திரையையும் திரும்பத் திரும்ப வரையவேண்டாம். தாளின் அடியில் தீப்பெட்டி அளவில் மூன்று சிறு கட்டங்கள் போட்டு, மாறும் பகுதியை மட்டும் காட்டினால் போதும். முகவரி இல்லாதபோது அந்தப் பட்டையில் 'முகவரி சேர்க்கவும்', அதுவரை அடிப் பட்டன் மங்கல். விலை வரும்வரை தொகை வரியில் சாம்பல் பட்டை, பூஜ்ஜியம் ரூபாய் என்று காட்டவே கூடாது. விடுமுறை என்றால் மேலே ஒரு வரி, அடுத்து எந்த நாளுக்கு ஆர்டர் எடுக்கிறோம் என்பதோடு. வேலை முடியும் தறுவாயில் டெவலப்பரிடமிருந்து வரும் போன்களில் பெரும்பகுதி இந்தச் சிறு கட்டங்களைப்பற்றித்தான் இருக்கும். முன்பே வரைந்து கொடுத்தால் அந்த போன்கள் வராது.

கண் தெரியாதவர்களும் தண்ணீர் கேன் வாங்குகிறார்கள். ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற வசதி, திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொல்லும். நம் படத்தில் இரண்டு கூட்டல், இரண்டு கழித்தல் கட்டங்கள் இருக்கின்றன. பெயர் கொடுக்காவிட்டால் அது வெறுமனே 'பட்டன், பட்டன்' என்று வாசிக்கும். எதைக் கூட்டுகிறோம் என்பது கேட்பவருக்குத் தெரியாது. 'புதிய கேன் ஒன்று கூட்டு', 'காலி கேன் ஒன்று குறை' என்று வாசிக்கவேண்டிய சொற்களைக் குறிப்பில் எழுதிக் கொடுத்தால் டெவலப்பர் அப்படியே சேர்த்துவிடுவார். படத்தில் வரையவே முடியாத விஷயம் இது. குறிப்பில் மட்டுமே இடம் பிடிக்கும்.

எதை எழுதக்கூடாது என்பதும் உண்டு. நிறம், எழுத்தின் அளவு, கட்டங்களுக்கு இடையிலான துல்லியமான இடைவெளி எதுவும் இந்தத் தாளில் வேண்டாம். அவை பிறகு வரும் வேலை. சில டெவலப்பர்கள் பென்சில் படத்தை அளந்து, அந்த இடைவெளிகளை அப்படியே ஆப்பில் கொண்டுவந்துவிடுவார்கள். அதைத் தவிர்க்கத் தாளின் ஓரத்தில் 'வரிசையும் செயலும் மட்டும் உறுதி, தோற்றம் பிறகு' என்று எழுதிவிடுங்கள். அதேபோல, எந்த மொழியில் எழுதவேண்டும், தகவலை எப்படிச் சேமிக்கவேண்டும் என்று அவருடைய வேலைக்குள் நுழையவும் வேண்டாம்.

தாள் போதுமானதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. டெவலப்பரிடம் தாளைக் கொடுத்துவிட்டு நீங்கள் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். திரை திறப்பதிலிருந்து ஆர்டர் கிடைக்கும்வரை என்ன நடக்கும் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடமெல்லாம் எழுதாமல் விட்ட குறிப்பு. விளக்க ஆரம்பித்தீர்கள் என்றால் அந்த விளக்கம் காற்றோடு போகும். அடுத்த வாரம் அவருக்கும் நினைவிருக்காது, உங்களுக்கும் இருக்காது. எனவே வாயால் சொல்லாமல் தாளில் எழுதுங்கள்.

இதே தாளைக் கேன் தூக்கிப்போகிற ஆளிடமும் காட்டவேண்டும். அவர் கோடுகளைப் பார்த்ததும் கேட்பது வேறு மாதிரி இருக்கும்: "எத்தனாவது மாடிண்ணே? லிஃப்ட் இருக்கா?" நம் திரையில் மாடி இல்லை. இருபது லிட்டர் தண்ணீர் இருபது கிலோ. மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் இல்லாமல் நாலு கேன் ஏற்றுவதென்றால் நாலு நடை ஏறி இறங்கவேண்டும், அதற்குத் தனிக் கூலி கேட்கும் வழக்கமும் உண்டு. முதலாம் குறிப்பில் 'மாடி எண், லிஃப்ட் உண்டா' என்ற இரண்டு விவரங்களும், ஐந்தாம் குறிப்பில் மாடிக் கூலி என்ற வரியும் சேர்ந்தன. 420 ரூபாய்க் கணக்கையும் திருத்தவேண்டியதாயிற்று. ஆப் எழுதி முடித்த பிறகு இந்தக் கேள்வி வந்திருந்தால் முகவரித் திரை, தொகைக் கணக்கு, ஆர்டர் பட்டியல் மூன்றையும் பிரித்துப் போடவேண்டியிருந்திருக்கும்.

தாளைப் பாதுகாப்பதிலும் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். நம் ஊரில் இந்தப் படங்கள் வாட்ஸ்அப்பில்தான் போய் வருகின்றன. சாதாரணப் புகைப்படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், பக்கத்தில் எழுதிய பொடி எழுத்து மங்கிப்போகும். ஆவணமாக அனுப்பினால் தெளிவு குறையாது. அதைவிடப் பெரிய சிக்கல், பழைய படமும் புதிய படமும் ஒரே உரையாடலில் கிடப்பது. செவ்வகத்துக்குப் பக்கத்திலேயே தேதியையும் 'பதிப்பு 3' என்பதையும் எழுதிவிட்டால், யாரிடம் எது இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். ஒரு பகுதியை நீக்கினால் அதன் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். நாலாம் குறிப்பு போய்விட்டால் நாலு காலியாகவே இருக்கட்டும். டெவலப்பர் தன் வேலைப் பட்டியலில் 'குறிப்பு 5' என்று எழுதிவைத்திருப்பார், எண் மாறினால் அவர் வேறொன்றைத் திருத்திக்கொண்டிருப்பார்.

இந்தத் தாளால் முடியாதவையும் இருக்கின்றன. விரலால் தள்ளும்போது திரை எவ்வளவு இலகுவாக நகர்கிறது, வெயிலில் நின்று பார்த்தால் எழுத்து தெரிகிறதா, எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் முதியவரின் போனில் எந்த வரி உடைகிறது என்பதெல்லாம் உண்மையான போனில்தான் தெரியும். பத்துத் திரைகளுக்கு மேல் போகும் ஆப் என்றால், திரையிலிருந்து திரைக்குப் போகும் வழியைக் காட்டத் தனியாக ஒரு வரைபடமும் தேவைப்படும். ஒரு திரையில் என்ன நடக்கவேண்டும் என்பதில் மூன்று பேர் ஒத்துப்போவதற்குத்தான் இந்தத் தாள் உதவும்.

கடைக்கோ பள்ளிக்கோ சங்கத்துக்கோ யாரிடமாவது ஆப் செய்யக் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்பணம் கொடுப்பதற்கு முன், முக்கியமான ஒரு திரைக்காவது இப்படி எண் போட்ட தாள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், அல்லது நீங்களே வரைந்து கொடுங்கள். கணக்கு வரும் இடத்தில் எண்ணோடு எழுதப்பட்டிருக்கிறதா, இணைப்பு அறுந்தால் என்ன என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆப் கைக்கு வரும் நாளில் அதே தாளை மேசையில் விரித்துவைத்து, குறிப்பு ஒன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து டிக் அடித்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.